சாட்பாட்டுக்குப் புரியாதபோது: மெனுவுக்கும் மனிதருக்கும் வழிவிடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொடைக்கானலில் வில்பட்டிப் பக்கம் உள்ள சில தங்கும் விடுதிகள், அறை விசாரணைகளுக்காக ஒரே வாட்ஸ்அப் எண்ணில் ஒரு சாட்பாட்டை வைத்திருக்கின்றன. அதன் உரையாடல் பதிவுகளைப் படித்துத் திருத்தும் வேலை இரண்டு சீசன்களாக என்னிடம் இருக்கிறது. வாடிக்கையாளர் சொல்வது முதல் முறை புரியாவிட்டால் திரும்பக் கேட்பது, இரண்டாம் முறையும் புரியாவிட்டால் மெனு காட்டுவது, மூன்றாம் முறை ஓர் ஆளிடம் ஒப்படைப்பது என்னும் ஃபால்பேக் ஏற்பாடு அதில் முதல் நாளிலிருந்தே இருந்தது. ஆயினும் பலர் பாதியிலேயே விட்டுப் போனார்கள். படிகளின் வரிசையில் பிழை எதுவும் இல்லை. எதைத் தோல்வி என்று எண்ணுவது, அந்த எண்ணிக்கையை எப்போது பூஜ்ஜியமாக்குவது, ஒப்படைக்கும்போது எதைக் கூடவே கொடுத்தனுப்புவது ஆகிய மூன்றிலும்தான் பிழை இருந்தது.

ஓர் உரையாடலை எடுத்துக்கொள்கிறேன். மதுரையிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம், வத்தலக்குண்டைத் தாண்டி மலையேறும்போது, "இன்னைக்கு ராத்திரிக்கு ரூம் வேணும்" என்று எழுதியது. பாட் தேதியைச் சரியாகப் புரிந்துகொண்டு, எத்தனை பேர் என்று கேட்டது. அவர்கள் நம்மில் பெரும்பாலோர் எழுதுவதைப் போலவே பதிலைத் துண்டு துண்டாக அனுப்பினார்கள்: "பெரியவங்க 4", "பிள்ளைங்க 2", "பாட்டி இருக்காங்க", "கீழ ரூம் கிடைக்குமா". வளைவுகளில் சிக்னல் விட்டுவிட்டுக் கிடைக்கும் சாலை என்பதால் நான்கும் தேங்கி நின்று ஒரே நொடியில் வந்து சேர்ந்தன. பாட் முதல் செய்தியிலிருந்து 4 என்ற எண்ணை எடுத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டது. மற்ற மூன்று செய்திகளும் அந்தக் கேள்விக்கான பதிலாக இல்லாததால் மூன்று தோல்விகளாகப் பதிவாயின. மன்னிப்பு, மெனு, "எங்கள் பணியாளர் தொடர்புகொள்வார்" என்னும் மூன்று பதில்களும் அடுத்தடுத்து அவர்கள் திரையில் விழுந்தன. அந்த ஒரு நொடியில் மூன்று படிகளும் தீர்ந்துவிட்டன. ஆறு பேருக்கான கோரிக்கையும் நான்கு பேருக்கானதாகப் பதிவாகிவிட்டது.

ஒவ்வொரு செய்தியையும் ஒரு முயற்சியாக எண்ணுவதே இங்கு நடந்த தவறு. ஒருவர் எழுதி முடிக்கும்வரை வருவதெல்லாம் சேர்ந்துதான் ஒரு முயற்சி. கடைசியாக வந்த செய்திக்குப் பிறகு 6 நொடிகள் காத்திருந்து, இடையில் வந்தவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்த பிறகே பாட் அவற்றைப் புரிந்துகொள்ள முயலுமாறு மாற்றினோம். பதில் சற்றுத் தாமதமாகும் என்பது உண்மைதான். ஆனால் எழுதிக்கொண்டிருப்பவருக்கு அந்த ஆறு நொடிகள் பெரிதாகத் தெரிவதில்லை. பட்டனை அழுத்தியவருக்கு மட்டும் காத்திருக்காமல் உடனே பதில் தர வேண்டும், ஏனெனில் அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டார். இன்னொரு சிறு கவனமும் தேவை. நம் சர்வர் உரிய நேரத்தில் ஒப்புகை தராவிட்டால் வாட்ஸ்அப் அதே செய்தியை மறுபடியும் அனுப்பும். செய்தியின் `id` மதிப்பைப் பார்த்து இரண்டாவது பிரதியைத் தள்ளாவிட்டால், அதுவும் ஒரு தோல்வியாகக் கணக்கில் ஏறும்.

குரல் செய்தியையும் புகைப்படத்தையும் "புரியாத வாக்கியம்" என்னும் கணக்கில் சேர்ப்பதும் இதே வகைத் தவறுதான். வண்டியோட்டிக்கொண்டு வருபவரும் வயதானவர்களும் குரலில்தான் பேசுவார்கள். அவர்களிடம் "வேறு சொற்களில் சொல்லுங்கள்" என்று கேட்டால் மறுபடியும் ஒரு குரல் செய்திதான் வரும். பாட்டால் குரலைக் கேட்க முடியாது என்றால், அதை ஒரே வரியில் சொல்லி, எழுதுவதா ஆளிடம் பேசுவதா என்று அப்போதே பட்டன் கொடுத்துவிட வேண்டும்.

எண்ணிக்கையைப் பூஜ்ஜியமாக்கும் இடத்தில் நேரும் தவறு இதைவிட நுட்பமானது, பதிவுகளில் அவ்வளவு எளிதாகக் கண்ணில் படாது. பாட்டுக்கு எது புரிந்தாலும் எண்ணிக்கை பூஜ்ஜியமாகும் என்று எங்கள் நிரலில் எழுதியிருந்தது. ஒருவர் கேட்டது புரியவில்லை, அவர் "ஹலோ" என்றார், பாட் வணக்கம் சொன்னது, எண்ணிக்கை பூஜ்ஜியமானது. மறுபடியும் கேட்டார், மறுபடியும் புரியவில்லை. "அண்ணா இருக்கீங்களா" என்றார். அதையும் வணக்கமாக எடுத்துக்கொண்டு பாட் மறுபடியும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கியது. இப்படியே எத்தனை முறை கேட்டாலும் அவர் மெனுவையோ மனிதரையோ எட்டவே மாட்டார். "ஹலோ", "ஓகே", "சரி" போன்றவை புரிந்தால் எண்ணிக்கை அப்படியே நிற்க வேண்டும். தேதியோ ஆள் எண்ணிக்கையோ அறையோ, வந்த வேலை ஒரு படியேனும் முன்னே நகர்ந்தால் மட்டுமே அதைப் பூஜ்ஜியமாக்கலாம்.

இதற்கு நேர் எதிரான ஒரு தோல்வியும் உண்டு. பாட் தவறாகப் புரிந்துகொண்டு, அது தெரியாமலே நம்பிக்கையோடு பதில் சொல்லும். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வருவோர் இ-பாஸ் பதிவு செய்ய வேண்டும் என்னும் நடைமுறை வந்ததிலிருந்து, எங்களுக்கு வரும் கேள்விகளில் அது தவறாமல் இடம்பெறுகிறது. "epass neenga eduthu tharuveengala" என்று ஒருவர் தமிழை ஆங்கில எழுத்தில் கேட்டால், பாட் அதை அறையின் விலையைப் பற்றிய கேள்வியாக எடுத்துக்கொண்டு கட்டணப் பட்டியலை அனுப்பிய சந்தர்ப்பங்கள் உண்டு. சாட்பாட் உருவாக்க உதவும் Rasa என்னும் கருவியில், புரியாத செய்திகளைக் கண்டறியும் `FallbackClassifier` பகுதியின் இயல்பான எல்லை 0.3. அதாவது ஓர் ஊகத்தின் மதிப்பெண் 0.3-ஐத் தாண்டினால், பாட் தனக்குப் புரிந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளும். தமிழும் தங்கிலீஷும் கலந்து வரும் இடத்தில் தவறான ஊகங்கள் இந்த எல்லையை எளிதாகத் தாண்டுகின்றன. எல்லையை உயர்த்திக்கொண்டே போனால் சரியாகப் புரிந்தவையும் தோல்விக் கணக்கில் விழும். ஆகவே வாடிக்கையாளரின் நடத்தையையும் ஒரு சான்றாக எடுத்துக்கொள்வதே நல்லது. அதே கேள்வியைச் சிறிது மாற்றி மறுபடியும் கேட்டாலோ, "அது இல்ல" என்று தொடங்கினாலோ, முந்தைய பதில் எவ்வளவு நம்பிக்கையோடு சொல்லப்பட்டிருந்தாலும் அதையும் ஒரு தோல்வியாக எண்ண வேண்டும்.

இவற்றைச் சேர்த்தால் கிடைக்கும் தர்க்கம் சிறியதுதான்:

```python
if wants_human(text):
    handoff(chat)
elif advanced(task):
    fails = 0
elif not understood or rejected(text):
    fails += 1
    if fails == 1: ask_again(task)
    elif fails == 2: show_menu(task)
    else: handoff(chat)
```

முதல் வரியைச் சேர்க்காமல் விட்டுவிடக் கூடாது. "ஆள் இருக்காங்களா", "போன் பண்ணுங்க" என்று கேட்டவரை மூன்று தோல்விகளுக்காகக் காத்திருக்க வைப்பதில் எந்த நியாயமும் இல்லை. மழைக் காலத்தில் "ரோட்டுல மரம் விழுந்திருக்கு, வழி அடைச்சிருக்கு" என்பது போன்ற செய்திகளையும் இதே வழியில் நேரே ஆளிடம் அனுப்பிவிடுகிறோம்.

முதல் தோல்வியில் "மன்னிக்கவும், புரியவில்லை" என்று மட்டும் சொல்வது வாடிக்கையாளருக்கு எந்த உதவியும் செய்யாது. எதுவரை புரிந்தது, எது புரியவில்லை என்று சொல்ல வேண்டும்: "இன்று இரவுக்கு, பெரியவர்கள் 4, குழந்தைகள் 2 என்று குறித்துக்கொண்டேன். அறையைப் பற்றிக் கேட்டது மட்டும் விளங்கவில்லை." இப்படிச் சொன்னால் அவர் எதை மாற்றி எழுத வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

இரண்டாம் தோல்வியில் காட்டும் மெனுவைப் பொறுத்தவரை, முகப்பு மெனுவையே திரும்பக் காட்டுவதுதான் பெரிய தவறு. அது அதுவரை சொன்னதையெல்லாம் துடைத்துவிட்டு வாசலுக்கே திருப்பி அனுப்புவதாகும். பேச்சு எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அதற்குரிய மெனு வேண்டும். அறை தேர்ந்தெடுக்கும் கட்டத்துக்கு நாங்கள் வைத்தவை "கீழ்த்தள அறை கேட்க", "வேறு தேதி பார்க்க", "ஆளிடம் பேச" என்னும் மூன்று பட்டன்கள். வாட்ஸ்அப்பில் ஒரு செய்திக்கு மூன்று பதில் பட்டன்களே வைக்க முடியும், ஒவ்வொன்றின் தலைப்பும் 20 குறியீடுகளுக்குள் அடங்க வேண்டும். தமிழில் புள்ளியும் துணையெழுத்தும் தனித்தனிக் குறியீடுகளாக எண்ணப்படும் என்பதை மறந்தால் இங்கே இடறுவோம். "மனிதரிடம் பேச வேண்டும்" என்பது கண்ணுக்கு 12 எழுத்துகள்தான், ஆனால் இடைவெளிகளையும் சேர்த்து 22 குறியீடுகள். எனவே அந்தப் பட்டன் செல்லாது. "ஆளிடம் பேச" என்பதில் 10 குறியீடுகளே உள்ளன. பட்டனை அழுத்தாமல் "2" என்றோ "ரெண்டாவது" என்றோ எழுதுபவர்களையும் பாட் ஏற்க வேண்டும். மெனு காட்டிய பிறகு வரும் "2" என்பதை ஆள் எண்ணிக்கையாக எடுத்துக்கொண்ட பதிவுகளும் எங்களிடம் இருந்தன.

மூன்றாம் படியில், ஒப்படைப்பதாகச் சொல்லிவிட்டு வெறும் அரட்டையை மட்டும் அனுப்பினால், விடுதிக்காரர் மறுபடியும் "எத்தனை பேர் வர்றீங்க" என்றே தொடங்குவார். ஒரு மணி நேரமாக மலையேறிக்கொண்டிருப்பவருக்கு அந்தக் கேள்வி எப்படி இருக்கும் என்பதை நான் பலரிடம் நேரில் கேட்டிருக்கிறேன். இப்போது ஒப்படைப்போடு ஒரு குறிப்பும் போகிறது: "இன்று இரவு. பெரியவர் 4, குழந்தை 2. கீழ்த்தள அறை கேட்கிறார். வழியில் இருக்கிறார். குரல் செய்தி 1, பாட் கேட்கவில்லை." விடுதிக்காரரின் முதல் வாக்கியம் "பாட்டிக்குக் கீழேயே ரூம் இருக்கும்மா, வாங்க" என்று தொடங்க இந்தக் குறிப்பு போதும்.

ஆள் இல்லாத நேரத்தில் "விரைவில் தொடர்புகொள்வார்" என்று சொல்வதைக் கட்டாயம் நிறுத்த வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் எங்கள் பாட் "காலை 7 மணிக்கு எழுதுவோம், இப்போது வழியில் இருந்தால் இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று சொல்கிறது. வாடிக்கையாளரின் கடைசிச் செய்தியிலிருந்து 24 மணி நேரம் கடந்துவிட்டால், வாட்ஸ்அப்பில் நாம் இயல்பாக எழுதும் பதில் போகாது; முன்பே ஒப்புதல் பெற்ற டெம்ப்ளேட் செய்தி மட்டுமே போகும். சனிக்கிழமை மாலை வந்த கேள்வியைத் திங்கட்கிழமை காலையில் பார்ப்பவருக்கு அந்தக் கதவு மூடியிருக்கும். ஆகவே, பதில் எழுதப்படாத ஒப்படைப்புகளை 20 மணி நேரத்தில் நினைவூட்டும் ஓர் அறிவிப்பை விடுதிக்காரரின் கைபேசிக்கு வைத்திருக்கிறோம்.

ஒப்படைத்த பிறகு பாட் வாயை மூடிக்கொள்ள வேண்டும். விடுதிக்காரர் வாடகை பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் பாட் நுழைந்து "புரியவில்லை" என்று சொல்வது இருவரையும் குழப்பும். அதே சமயம், விடுதிக்காரர் உரையாடலை முடித்ததாகக் குறிக்க மறந்தால், அடுத்த மாதம் அதே குடும்பம் எழுதும்போது எந்தப் பதிலும் போகாது. எங்கள் ஏற்பாட்டில் இரு தரப்பும் 12 மணி நேரம் எதுவும் எழுதாவிட்டால், பொறுப்பு தானாகவே பாட்டிடம் திரும்பும்.

இந்தத் திருத்தங்கள் வேலை செய்கின்றனவா என்பதைத் தோல்விகளின் மொத்த எண்ணிக்கையை வைத்து அறிய முடியாது. "அது இல்ல" என்பதையும் சேர்த்து எண்ணத் தொடங்கியதும் அது ஏறத்தான் செய்யும். நான் வாரந்தோறும் பார்ப்பது, வாடிக்கையாளரின் கடைசிச் செய்திக்குப் பின் பாட் என்ன சொல்லியிருக்கிறது என்பதைத்தான். கடைசி வரி "விளங்கவில்லை" என்று முடிந்திருக்கும் உரையாடல்களைத் தனியே பிரித்து ஒவ்வொன்றையும் முழுதாகப் படிக்கிறேன். அவர்கள் மெனுவைப் பார்க்காமலே போனார்களா, பார்த்த பின் போனார்களா, ஆளுக்காகக் காத்திருந்து போனார்களா என்று மூன்றாகப் பிரித்தால், அடுத்து எந்தப் படியைத் திருத்த வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது.