ஆச்சி 'ஏலே' என்று சொல்வாரா? கவிதையில் வட்டார வழக்கு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில வருடங்களுக்கு முன் என் கணவரின் ஆச்சியைப் பற்றி ஒரு கவிதை எழுதினேன். தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமாகி சிங்கப்பூருக்கு வந்தவர். நான் இங்கேயே பிறந்தவள், என் பெற்றோர் தஞ்சாவூர்ப் பக்கம். ஆச்சி பேசுவது எனக்குப் பிடிக்கும். அந்தப் பேச்சு அப்படியே கவிதையில் வரவேண்டும் என்று நினைத்து இப்படி எழுதினேன்:

"ஏலே, பைய எடுலே மக்கா,
அவுக வந்துட்டாகலே,
வாளப்பளம் வச்சிருக்கேன்லே."

ஒரு கவிதைக் கூடலில் இதை வாசித்தபோது பலர் சிரித்தார்கள். ரசித்துச் சிரிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். முடிந்ததும் நெல்லைச் சீமையைச் சேர்ந்த ஒரு பெரியம்மா பக்கத்தில் வந்து, "பேத்திகிட்டப் பேசுற மாதிரி எழுதிருக்க. பொம்பளப் பிள்ளைய எங்க ஊர்ல யாரும்மா 'ஏலே'ன்னு கூப்பிடுவா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, ஆனால் அவர் சிரிக்கவும் இல்லை. அந்த மூன்று வரியிலும் என்ன தப்பு என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு அந்த 'லே'. நெல்லைத் தமிழ் என்றதும் வெளியூர்க்காரர் காதில் முதலில் விழுவது அதுதான். அதனால் வரிக்கு ஒன்று தூவிவிட்டால் நெல்லைத்தனம் வந்துவிடும் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் 'ல', 'லே', 'ஏல' எல்லாம் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதைக் காட்டும் சொற்கள். தன்னைவிடச் சின்னப் பையனிடமோ தோளில் கைபோடும் தோழனிடமோதான் அது வரும். பெண் பிள்ளை என்றால் 'ஏட்டி'. ஓரளவு மரியாதையோடு பழகும் ஆண்கள் 'என்னவே' என்பார்கள். பெரியவர்களிடம் இவை எதுவும் வராது, 'சௌக்கியமா இருக்கியளா' என்று வினைச்சொல்லே மரியாதையைத் தாங்கும். நான் ஆச்சிக்கு 'லே' கொடுத்தபோது, ஐம்பது வருடம் இந்த ஊரில் குடும்பம் நடத்திய ஒருவரை எதிரில் நிற்பது யார் என்றே தெரியாமல் பேசுகிறவராக ஆக்கிவிட்டேன். பெரியம்மாவுக்கு உறுத்தியது அதுதான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. உரையாடலில் வரும் ஒவ்வொரு விளிச்சொல்லுக்கும் ஓரத்தில் 'யார், யாரிடம், யார் முன்னிலையில்' என்று எழுதிப் பாருங்கள். பதில் எழுத முடியாத விளிச்சொல் அலங்காரத்துக்காக வந்தது. அதை எடுத்துவிடலாம்.

இரண்டாவது தவறு, ஊர்களைக் கலப்பது. 'அவுக வந்துட்டாக' என்பது மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துப் பேச்சு. 'மக்கா' நாகர்கோவில் பக்கம் அதிகம் கேட்கும். தென்காசி ஆச்சி 'அவிய வந்துட்டாவ' என்பார். எங்கள் வீட்டில் 'அவங்க வந்துட்டாங்க'. மாமா வந்த செய்தியைக் கோயம்புத்தூர்க்காரர் 'வந்துட்டாருங்க' என்று சொல்வார், யாழ்ப்பாணத்தவர் 'வந்திட்டார்' என்று சொல்வார். எல்லாவற்றிலும் செய்தி ஒன்றுதான், மரியாதையும் குறைவதில்லை. ஆனால் வினைமுற்றின் கடைசி எழுத்தைக் கேட்டே ஊரைச் சொல்லிவிடலாம். கவிதைக்கு அது பெரிய வசதி. 'வந்துட்டாவ' என்ற ஒரு சொல் போதும், ஊரும் உறவும் மரியாதையும் சேர்ந்து வந்துவிடும், பத்து 'லே' தேவைப்படாது. அதே காரணத்தால் அந்த ஒரு எழுத்தைத் தப்பாகப் போட்டால் அந்த ஊர்க்காரருக்கு முழுக் கவிதையும் பொய்யாகத் தெரியும்.

சிங்கப்பூரில் இந்தக் கலப்பு எளிதாக நடக்கும். ஒரே புளோக்கில் தஞ்சாவூர், கடையநல்லூர், காரைக்குடி, யாழ்ப்பாணம் எல்லாம் அடுத்தடுத்த கதவுகள். காதில் எல்லாம் விழும், எது யாருடையது என்று பிரித்து வைத்திருக்க மாட்டோம். 'ஆச்சி' என்ற சொல்லே நெல்லை வீடுகளில் பாட்டி, செட்டிநாட்டில் மதிப்புக்குரிய பெண்மணி.

மூன்றாவது தவறுதான் எனக்கு அதிகம் வலித்தது. ஆச்சியின் பேச்சில் 'வாளப்பளம்' என்று எழுதியிருந்தேன். தெற்கே பலர் ழகரத்தை ளகரமாகச் சொல்வது உண்மைதான். ஆனால் அதே கவிதையில் நான் பேசும் வரி ஒன்றும் இருந்தது, அதில் 'வாழைப்பழம்' என்று சுத்தமாக எழுதியிருந்தேன். என் வாயில் மட்டும் ழகரம் அவ்வளவு ஒழுங்காகவா வருகிறது? அவசரத்தில் நானும் 'வாளப்பளம்' என்றுதான் சொல்கிறேன். ஆச்சியின் உச்சரிப்பை மட்டும் எழுத்தில் காட்டிவிட்டு என்னுடையதைத் திருத்தி எழுதிக்கொண்டேன்.

எழுதுவதுபோல் யாரும் வீட்டில் பேசுவதில்லை. பேராசிரியர் வீட்டிலும் 'வந்துட்டான்'தான். அப்படியிருக்க, கவிதையில் படித்தவர் 'வந்துவிட்டான்' என்றும் கூலி வேலை செய்பவரும் கிராமத்துக் கிழவியும் மட்டும் 'வந்துட்டான்' என்றும் பேசினால், அங்கே வருவது வட்டார வழக்கு அல்ல, மேல் கீழ் என்ற பிரிப்பு. பேச்சு வழக்கு கொடுத்தால் உரையாடும் எல்லோருக்கும் கொடுங்கள். வட்டாரத்தை இலக்கணத்திலும் சொல்லிலும் காட்டுங்கள். 'அங்கன', 'சொல்லுதேன்', 'வந்துட்டாவ' போன்றவை அந்த ஊரின் சொத்து, அப்படியே வரட்டும். ழகரம் போன்ற ஒலிகளை வழக்கமான எழுத்திலேயே விட்டுவிடலாம். அந்த ஊர்க்காரர் வாசிக்கும்போது அவர் வாயில் அந்த ஒலி தானாக வந்துவிடும். மற்றவர்களும் தடுமாறாமல் வாசிப்பார்கள்.

இனி வெளியார் வாசிப்பது. 'பைய எடுலே' என்று எழுதியிருந்தேன் இல்லையா? 'பைய' என்றால் தெற்கே மெதுவாக. பழைய சொல்தான், சம்பந்தர் தேவாரத்திலேயே 'பையவே சென்று' என்று வருகிறது. ஆனால் கூடலில் இருந்த இளையவர்கள் அத்தனை பேரும் அதைப் 'பையை எடு' என்று புரிந்துகொண்டார்கள். பேச்சில் பையைப் 'பைய' என்றுதானே சொல்கிறோம். அவர்கள்மேல் தப்பே இல்லை. 2005ஆம் ஆண்டின் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு நம் பள்ளிகளில் பேச்சுத்தமிழுக்குத் தனி இடம் கிடைத்தது. அங்கே பிள்ளைகள் பழகுவது 'சொல்றேன்', 'வர்றாங்க' என்ற பொதுப் பேச்சு. வட்டார வழக்கு அவர்களுக்கு இன்னொரு படி. அந்தப் படியில் ஏறக் கைகொடுப்பது எழுதுகிறவரின் வேலை.

கைகொடுப்பது என்றால் அடைப்புக்குறிக்குள் பொருள் எழுதுவது அல்ல. ஆச்சி பேசும்போதே பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பதுபோல ஆகிவிடும் அது. சொல்லுக்கு முன்னும் பின்னும் நடக்கும் காரியம் பொருளைச் சொல்லட்டும். 'பைய எடு' என்பதில் பையும் பொருந்தும், மெதுவும் பொருந்தும். அதனால்தான் குழப்பம். 'பைய வா, படி ஈரமா கெடக்கு' என்றால் பைக்கு இடமே இல்லை. 'வந்துட்டாவ' என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. பழகாதவர் 'வந்துட்டா' என்று ஒரு பெண் வந்ததாகப் படித்துவிட்டு, மிச்சமுள்ள 'வ'வை எழுத்துப்பிழை என்று நினைப்பார். அதற்கு முன்னால் 'மாமா' என்ற சொல்லும், அடுத்த வரியில் மாமா செய்யும் ஒரு காரியமும் இருந்தால் போதும். எட்டு வரிக் கவிதைக்கு இப்படிப்பட்ட புதுச்சொல் மூன்றுக்கு மேல் வேண்டாம் என்பது என் கணக்கு.

'ஏட்டி'க்கும் இதே கவனம் தேவை. தஞ்சாவூர்க் காதுக்கு அது அதட்டலாகக் கேட்கும், எனக்கே முதலில் அப்படித்தான் கேட்டது. அதனால் அது வரும் இடத்தில் அக்கறை கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அப்புறம் ஒன்று. ஆச்சியை நான் ஊரைவிட்டு நகராத கிராமத்துப் பாட்டியாகவே எழுதியிருந்தேன். நிஜத்தில் அவர் 'மொதல்ல பசியாறு' என்று இங்குள்ளவர்கள் சொல்வதுபோலச் சொல்வார். தேக்கா ஈரச்சந்தை மீன்காரரிடம் மலாயில் பேரம் பேசுவார். அதையெல்லாம் வெட்டிவிட்டு நெல்லையை மட்டும் வைத்துக்கொள்வதும் அவரைக் குறைப்பதுதான்.

திருத்திய பிறகு கவிதை இப்படி வந்தது:

லிஃப்ட் ஓடவில்லை.
நான்காம் மாடிக் கம்பியைப் பிடித்தபடி
ஆச்சி எட்டிப் பார்க்கிறார்.
"ஏட்டி, பைய வா. படியெல்லாம் ஈரமா கெடக்கு."
ஒவ்வொரு படியாக ஏறுகிறேன்.
"மாமா அப்பவே வந்துட்டாவ."
மாமா எழுந்து என் பையை வாங்கிக்கொள்கிறார்.
"வாழைப்பழம் வச்சிருக்கேன். மொதல்ல பசியாறு."

கதை சொல்லும் வரியில் முதலில் 'பார்க்கிறாள்' என்று இருந்தது. ஆச்சி மாமாவுக்கு 'வந்துட்டாவ' என்று மரியாதை கொடுக்கும்போது ஆச்சிக்கு நான் 'ஆள்' விகுதி போடுவது சரியில்லை என்று தோன்றியதால் 'பார்க்கிறார்' ஆக்கினேன். வீட்டு நெருக்கம் முக்கியம் என்று நினைப்பவர் 'பார்க்கிறாள்' என்றே வைக்கலாம், ஆனால் தெரிந்து வைக்க வேண்டும்.

வெளியிடுவதற்கு முன் இரண்டு பேரைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். ஒருவர் அந்தப் பெரியம்மா, இன்னொருவர் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் எதிர்வீட்டுப் பெண். அந்த ஊர்க்காரர் எங்கே சிரிக்கிறார், வெளியார் எங்கே நின்று திரும்பப் படிக்கிறார் என்று மட்டும் கவனித்தேன். எதிர்வீட்டுப் பெண் 'வந்துட்டாவ'வில் ஒரு நொடி நின்றாள், அடுத்த வரியைப் படித்ததும் தலையாட்டிவிட்டு மேலே போனாள். பெரியம்மா எங்கேயும் நிற்கவில்லை. முடித்ததும், "'கெடக்கு'ன்னு எழுதினது சரி. நீயும் இனிமே 'இருக்கு'ன்னு சொல்லாம அப்படியே சொல்லு" என்றார்.