"ஒரு டேபிளா அனுப்புங்க" என்று மட்டும் கேட்டால் என்ன செய்வது?

"பயிற்சிக்கு வந்தவங்க விவரத்தை ஒரு டேபிளா போட்டு அனுப்புங்க." இப்படி ஒரு செய்தி வரும். என்னென்ன நெடுவரிசை வேண்டும், எக்செலா பிடிஎஃபா, எதுவும் அதில் இருக்காது. "ஒரு ஃபைலா குடுங்க" என்பதும் இதே வகைதான். கேட்பவர் மனதில் ஒரு வடிவம் தெளிவாகவே இருக்கும், சொல்ல விட்டுப்போயிருக்கும். அதை அவரிடமிருந்து வாங்கி, கோப்பு வகையை முடிவுசெய்து அனுப்புவது வரை இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு இந்தப் பயிற்சி வருகைப் பட்டியலையே வைத்துக்கொள்வோம்: 40 பேர், 3 அமர்வுகள்.

1. முதல் கேள்வி: இதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?

"என்னென்ன நெடுவரிசை வேணும்?" என்று நேராகக் கேட்டால் பெரும்பாலும் "எல்லாம் போடுங்க" என்றுதான் பதில் வரும். அந்தப் பதில் எதற்கும் உதவாது. அதற்குப் பதிலாக, எதற்காக என்று கேளுங்கள். "சான்றிதழ் அச்சடிக்கணும்" என்றால் பெயரும் பதிவு எண்ணும் போதும். ஆனால் பெயரின் எழுத்து பிசகக் கூடாது. "எந்த அமர்வுக்குக் கூட்டம் குறைஞ்சதுன்னு பாக்கணும்" என்றால் பெயரே தேவையில்லை, அமர்வும் வருகையும்தான் வேண்டும். தேவை தெரிந்துவிட்டால் நெடுவரிசைகளில் பாதி தானாக முடிவாகிவிடும்.

2. ஒரு வரிசை என்பது எதைக் குறிக்கிறது?

பலரும் தாண்டிப் போய்விடுகிற படி இது. பின்னால் வருகிற குழப்பத்தில் பெரும்பங்கு இங்கேதான் தொடங்குகிறது. நம் பட்டியலை இரண்டு விதமாகப் போடலாம். ஆளுக்கு ஒரு வரிசை:

```
பதிவு_எண்,பெயர்,வந்த_அமர்வுகள்
00417,மலர்விழி,2
```

அல்லது ஒருவருக்கு ஒவ்வொரு அமர்வுக்கும் ஒரு வரிசை:

```
பதிவு_எண்,பெயர்,அமர்வு,தேதி,வருகை
00417,மலர்விழி,1,2024-03-04,ஆம்
00417,மலர்விழி,2,2024-03-05,ஆம்
00417,மலர்விழி,3,2024-03-06,இல்லை
```

முதலாவதில் 40 வரிசை, இரண்டாவதில் 120. இரண்டாவதை அனுப்பி, வாங்கியவர் வரிசைகளை எண்ணி "120 பேர் பதிவு செய்திருக்காங்க" என்று அறிக்கையில் எழுதிவிட்டால் வினைதான். முதலாவதை அனுப்பிவிட்டு, "மலர்விழி எந்த அமர்வுக்கு வரலை?" என்று கேள்வி வந்தால் அதில் பதிலே கிடையாது.

கேட்டவரைப் பிடிக்கவே முடியவில்லை என்றால் விரிவான வடிவத்தையே தேர்ந்தெடுங்கள். 120 வரிசையிலிருந்து 40-ஐ எடுக்க ஒரு பிவட் டேபிள் போதும். 40-லிருந்து 120-க்குத் திரும்ப வழியில்லை. "ஒருவர் பெயர் மூன்று வரிசையில் இருக்கும்" என்ற குறிப்பை மட்டும் கூடவே எழுதிவிடுங்கள்.

3. இரண்டு வரி மாதிரி அனுப்புங்கள்

முழுப் பட்டியலையும் தயாரிப்பதற்கு முன்னால், தலைப்பும் இரண்டு மூன்று வரிசையும் மட்டும் செய்தியிலேயே ஒட்டி அனுப்புங்கள்:

"சார், இந்த மாதிரி வரும். ஒருத்தருக்கு மூணு வரிசை, அமர்வுக்கு ஒண்ணு. தேதி ஆண்டு-மாதம்-நாள். எக்செல் ஃபைலா அனுப்பறேன். மாத்தணும்னா சொல்லுங்க."

கேள்வியாகக் கேட்டால் பதில் சொல்லத் திணறுகிறவர்கள்கூட, மாதிரியைப் பார்த்தால் "அய்யோ, துறை பேரு வேணுமே" என்று உடனே சொல்லிவிடுவார்கள். மாதிரியில் சிக்கலான வரிசைகளைப் போடுவது முக்கியம். பூஜ்யத்தில் தொடங்கும் எண், வராத ஒருவர், விவரம் கிடைக்காத ஒருவர் என்று இருக்கட்டும். விவரம் தெரியாத இடத்தை வெற்றாக விடுவதா, "தெரியவில்லை" என்று எழுதுவதா என்பதும் அப்போதே முடிவாகிவிடும். வெற்றுக் கட்டத்தை "வரவில்லை" என்று படிப்பவர்கள் உண்டு.

தேதிக்கு நான் எப்போதும் 2024-03-04 வடிவத்தைத்தான் வைப்பேன். 04/03/2024 என்று எழுதினால் ஒரு கணினி மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும், வட்டார அமைப்பு வேறாக இருக்கிற இன்னொன்று ஏப்ரல் 3 என்று எடுத்துக்கொள்ளும். இந்தக் குளறுபடி நடந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க, எக்செலில் தேதி நெடுவரிசையைப் பாருங்கள். சில தேதிகள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டி நின்றால், இடப்பக்கம் நிற்பவற்றை எக்செல் தேதியாக ஏற்கவில்லை, வெறும் எழுத்தாக வைத்திருக்கிறது. அப்போது வலப்பக்கம் நிற்பவற்றிலும் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கலாம்.

4. கோப்பு வகை: யார், எதில் திறப்பார்?

படித்துப் பார்க்க, அச்சடிக்க மட்டும் என்றால் பிடிஎஃப். வடிகட்டவும் கூட்டவும் ஒரு மனிதர் திறப்பார் என்றால் `.xlsx`. இன்னொரு மென்பொருளுக்குள் ஏற்றப் போகிறார்கள் என்றால் `.csv`. எதுவும் தெரியாவிட்டால் நான் `.xlsx` அனுப்புவேன்.

"சிஎஸ்வி எங்கேயும் திறக்குமே" என்று கேட்கலாம். திறக்கும். ஆனால் எந்த நெடுவரிசை எண், எது எழுத்து என்ற தகவல் அதற்குள் கிடையாது. திறக்கிற மென்பொருள் ஊகித்துக்கொள்கிறது. எக்செலில் இரட்டைச் சொடுக்கு போட்டுத் திறந்தால் 00417 என்பது 417 ஆகிவிடும். அப்படியே சேமித்தால் அந்த இரண்டு பூஜ்யமும் கோப்பிலிருந்தே போய்விடும். 15 இலக்கத்துக்கு மேல் நீளும் எண்களில் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாக மாறிவிடும். `.xlsx` தயாரிக்கும்போது அந்த நெடுவரிசையை முதலிலேயே `Text` என்று மாற்றிவிட்டு எண்களை ஒட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

அப்புறம் தமிழ். விண்டோஸ் எக்செலில் சிஎஸ்வியைத் திறந்ததும் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் `à®` என்று திரும்பத் திரும்பத் தெரிந்தால், கோப்பு கெட்டுப்போகவில்லை. அது யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் இருப்பது எக்செலுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். எக்செலிலிருந்தே சேமித்தால் `CSV UTF-8 (Comma delimited)` என்பதைத் தேர்ந்தெடுங்கள். பைத்தானில் பாண்டாஸ் வைத்து எழுதினால்:

```python
df.to_csv("varugai.csv", index=False,
          encoding="utf-8-sig")
```

இது கோப்பின் தொடக்கத்தில் மூன்று பைட் கொண்ட ஓர் அடையாளத்தைச் சேர்க்கும். எக்செல் அதைப் பார்த்துத் தமிழைச் சரியாகக் காட்டும்.

அனுப்புவதற்கு முன் சிஎஸ்வியைச் சரிபார்க்க எனக்கு லிப்ரே ஆபீஸ் கால்க்தான் பிடிக்கும். திறக்கும்போதே எழுத்துக் குறியாக்கம் எது, பிரிப்பான் எது, எந்த நெடுவரிசை எழுத்து என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடும். பூஜ்யங்கள் உண்மையிலேயே கோப்பில் இருக்கின்றனவா என்று மட்டும் பார்க்க நோட்பேட் போதும்.

பின்சேர்க்கை: `utf-8-sig` போட்டதால், கோப்பை ஏற்றும்போது "பதிவு_எண் என்ற நெடுவரிசை இல்லை" என்று பிழை வருவதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். தலைப்பு கண்ணுக்குச் சரியாகத்தான் தெரிகிறது. காரணம், சில மென்பொருள்கள் அந்த மூன்று பைட்டையும் முதல் தலைப்பின் பெயரோடு சேர்த்துப் படித்துவிடுகின்றன. முதல் நெடுவரிசையில் மட்டும் பிழை வந்தால் இதைச் சந்தேகப்படுங்கள். வெறும் `utf-8` என்று மாற்றி மறுபடி எழுதினால் சரியாகிவிடும். மனிதருக்கும் மென்பொருளுக்கும் ஒரே கோப்பு வேண்டும் என்று கேட்டால் இரண்டாக அனுப்புங்கள்: படிக்க `.xlsx`, ஏற்ற `.csv`. ஏற்றுகிற இடத்தில் மாதிரிக் கோப்பு கிடைத்தால் தலைப்புகளை அதிலிருந்தே நகலெடுங்கள். இடையில் ஒரு வெற்றிடம் கூடினாலும் சில மென்பொருள்கள் அதை வேறு தலைப்பாகவே எடுத்துக்கொள்ளும்.