மின்விசிறி நுனியின் முடுக்கம்: காஸ், சைனை இரண்டு முறை வகையிட்டுப் பார்ப்போம்

பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகள் போன வாரம் ஒரு கேள்வியோடு வந்தாள். "மாமா, மையநோக்கு முடுக்கம் v²/r என்று மனப்பாடம் செய்துவிட்டேன். அது எங்கிருந்து வந்தது?" இரண்டு வரியில் போட்டுக் காட்டுகிறேன் என்று பேனாவை எடுத்த நான் முதல் வரியிலேயே தப்பு செய்தேன். அந்தத் தப்பைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதப் போகிறேன். sin-ஐ வகையிட்டால் cos, cos-ஐ வகையிட்டால் −sin என்பது வரை தெரிந்திருந்தால் போதும்.

எண்களோடு செய்வதுதான் எனக்குப் பிடிக்கும். எங்கள் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியையே எடுத்துக்கொண்டோம். 1200 மிமீ விசிறி என்றால் 1200 என்பது விட்டம். நுனிக்கு ஆரம் R = 0.6 மீட்டர். 1.2 போட்டுவிடாதீர்கள். வேகம் நிமிடத்துக்கு 300 சுற்று என்று வைத்துக்கொள்வோம், கணக்கு சுலபமாக வரும். அதாவது நொடிக்கு 5 சுற்று. ஒரு சுற்று 2π ரேடியன் என்பதால் கோணத் திசைவேகம் ω = 10π, சுமார் 31.4 ரேடியன்/நொடி. கீழே படுத்துக்கொண்டு பார்த்தால் நம் ஊர் விசிறிகள் பொதுவாக இடஞ்சுழியாகத்தான் சுற்றும். அதனால் கோணத்தை வழக்கம்போல மிகைக் குறியோடு அளக்கலாம்.

படி 1: நுனி எங்கே இருக்கிறது?

விசிறியின் மையமே ஆதிப்புள்ளி. t நொடியில் திரும்பிய கோணம் ωt. ஆகவே:

```
x = R cos(ωt)
y = R sin(ωt)
```

படி 2: ஒரு முறை வகையிடுங்கள் (நான் வழுக்கிய இடம்)

நான் எழுதியது: x-இன் வகைக்கெழு −R sin(ωt). பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. அவளும் தலையாட்டினாள். அப்புறம் எண்களைப் போட்டால் நுனியின் வேகம் 0.6 என்று வந்தது. நொடிக்கு ஐந்து முறை சுற்றும் விசிறியின் நுனி, மெதுவாக நடக்கும் மனிதனைவிடவும் மெதுவாகப் போகிறதாம்!

நடந்தது இதுதான். நான் வகையிட்டது கோணத்தைப் பொறுத்து. நமக்கு வேண்டியதோ நேரத்தைப் பொறுத்து. cos-க்கு உள்ளே இருப்பது வெறும் t இல்லை, ωt. கோணம் ஒரு ரேடியன் மாறினால் x எவ்வளவு மாறும் என்பதை −R sin(ωt) சொல்கிறது. ஆனால் ஒரு நொடியில் கோணம் 31.4 ரேடியன் மாறுகிறதே, அதையும் பெருக்க வேண்டாமா? இதுதான் சங்கிலி விதி. உள்ளே இருப்பதன் வகைக்கெழுவான ω வெளியே வந்து நிற்க வேண்டும்:

```
vx = −Rω sin(ωt)
vy =  Rω cos(ωt)
```

ω விட்டுப்போயிருந்தால் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி, அலகைப் பார்ப்பது. R sin(ωt) என்பதன் அலகு மீட்டர். திசைவேகத்துக்கு மீட்டர்/நொடி வேண்டும். அந்த "/நொடி"யைக் கொண்டுவருவது ω மட்டும்தான். இப்போது வேகம் Rω = 0.6 × 31.4, அதாவது நொடிக்கு 18.85 மீட்டர். மணிக்கு 68 கிமீ. ஓடும் விசிறியில் விரலை விட்டவர்களைக் கேட்டால் இதை ஒத்துக்கொள்வார்கள்.

படி 3: இன்னொரு முறை

அதே வேலைதான், இன்னொரு ω வெளியே வரும்.

```
ax = −Rω² cos(ωt) = −ω² x
ay = −Rω² sin(ωt) = −ω² y
```

வலது ஓரத்தைப் பாருங்கள். முடுக்க வெக்டர் என்பது நிலை வெக்டரையே ω² மடங்காக்கித் திருப்பிப் போட்டது. நிலை வெக்டர் மையத்திலிருந்து நுனியைக் காட்டுகிறது. அதன் எதிர்த்திசை என்றால் நுனியிலிருந்து மையம். "மையநோக்கு" என்ற பெயருக்குக் காரணம் அந்தக் கழித்தல் குறிதான். அதைப் பார்த்து வேகம் குறைகிறது என்று நினைக்க வேண்டாம். அளவு Rω². v = Rω என்பதால் அதுவே v²/R.

எனக்குப் பிடித்த பார்வை வேறொன்று. ஒவ்வொரு முறை வகையிடும்போதும் வெக்டர் ω மடங்காகி, 90 பாகை இடஞ்சுழியாகத் திரும்புகிறது. முதல் முறை திரும்பியதும் தொடுகோட்டுத் திசை. மறுபடி திரும்பினால் 180 பாகை, உள்நோக்கி. தாளில் மூன்று அம்புக்குறி போட்டுப் பார்த்தால் சூத்திரத்தை மறந்தாலும் இது மறக்காது.

எண்களில்

t = 1/60 நொடி என்க. ωt = π/6, அதாவது 30 பாகை. நுனி இருக்கும் இடம் (0.52, 0.30). திசைவேகம் (−9.42, 16.32). முடுக்கம் (−513, −296). முடுக்கத்தின் அளவு 592 மீ/நொடி², புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல 60 மடங்கு! நுனியில் 1 கிராம் எடையுள்ள களிமண் துணுக்கு ஒட்டியிருந்தால், 60 கிராம் பொருளைத் தாங்குகிற விசையோடு இறக்கை அதை உள்ளே இழுத்துப் பிடிக்க வேண்டும்.

வகையிட்டது சரிதானா என்று பார்க்க, முன்னும் பின்னும் ஒரு மில்லிநொடி தள்ளி x-ஐக் கண்டுபிடித்து வகுத்துப் பாருங்கள். நான் பைத்தானில் செய்தேன். விரிதாளிலும் செய்யலாம், ஆனால் செல்களுக்குள் ஒளிந்துகொள்ளும் சூத்திரங்களைத் தேடுவது எனக்கு எரிச்சல்.

```
from math import cos, sin, pi
R, w = 0.6, 10*pi
t, h = 1/60, 0.001
x = lambda t: R*cos(w*t)
print((x(t+h) - x(t-h)) / (2*h))
print(-R*w*sin(w*t))
```

முதல் விடை −9.4232, இரண்டாவது −9.4248. h-ஐ இன்னும் சிறிதாக்கினால் இரண்டும் நெருங்கும்.

பின்சேர்க்கை 1. "எனக்கு x எப்போதும் 0.6 ஆகவே வருகிறது" என்று ஒருவர் கேட்டிருந்தார். கால்குலேட்டர் பாகையில் இருக்கிறது! π/6 என்பதை 0.52 பாகை என்று எடுத்துக்கொள்கிறது, விசிறி அசைந்தது போலவே தெரியாது. ரேடியனுக்கு மாற்றுங்கள். இது கால்குலேட்டர் பிரச்சினை மட்டும் இல்லை: sin-இன் வகைக்கெழு cos என்பதே ரேடியனில்தான் சரி. பாகையில் அளந்தால் π/180 என்று ஒரு காரணி கூடவே ஒட்டிக்கொள்ளும்.

பின்சேர்க்கை 2. "இவ்வளவு முடுக்கம் இருந்தும் வேகம் ஏன் கூடவில்லை?" நல்ல கேள்வி. திசைவேகத்தையும் முடுக்கத்தையும் புள்ளிப் பெருக்கல் செய்யுங்கள். R²ω³(sin cos − cos sin), அதாவது சுழி. இரண்டும் எப்போதும் செங்குத்து. அதனால் முடுக்கம் திசையை மட்டும் திருப்புகிறது, வேகத்தைத் தொடுவதில்லை.

பின்சேர்க்கை 3. சுவிட்சை அணைத்த பிறகு? அப்போது ω மாறுகிறது, மேலே உள்ள படி 3 செல்லாது. இரண்டாம் முறை வகையிடும்போது ω-வையும் சேர்த்து வகையிட வேண்டும். கோண முடுக்கம் α என்றால், தொடுகோட்டுத் திசையில் Rα என்று கூடுதலாக ஒன்று வரும். விசிறி 20 நொடியில் சீராகக் குறைந்து நிற்கிறது என்றால் α-வின் அளவு 1.57, Rα 0.94 மீ/நொடி². தொடக்கத்தில் 592-க்குப் பக்கத்தில் அது ஒன்றுமே இல்லை. ω² = α ஆகும்போதுதான், அதாவது ஒரு சுற்றுக்கு 5 நொடி ஆகும் வேகத்துக்கு விசிறி வந்த பிறகுதான், இரண்டும் சமமாகின்றன. அந்த வேகத்துக்கு வரும்போது நிற்க இன்னும் ஒரு நொடிகூட இருக்காது.