எத்தில் தொகுதியைக் கண்டதும் விடை எழுதிவிடாதீர்கள்: நிறமாலைப் படம் படிப்பதில் நேரும் பிழைகள்

ஆய்வகத் தாளைக் கைபேசியில் படம் பிடித்து, "இது என்ன சேர்மம்?" என்று கேட்கும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பீக்குகளின் வடிவத்தைப் பார்த்ததும் பெயர் மனதுக்கு வந்துவிடுகிறது, இடத்தை அளப்பதே இல்லை. மூலக்கூறு வாய்பாடு C4H8O2 என்று கொடுக்கப்பட்ட ஒரு புரோட்டான் என்.எம்.ஆர். படத்தை எடுத்துக்கொள்வோம். 300 மெகாஹெர்ட்ஸ் கருவி, கரைப்பான் CDCl3. இடப்பக்கம் ஒரு சின்னக் கோடு, நடுவில் நான்காகப் பிளந்த குவார்டெட், அதற்கு வலப்புறம் உயரமான சிங்லெட், கடைசியில் ட்ரிப்லெட், வலக்கோடியில் 0 பிபிஎம் குறியாக நிற்கும் டி.எம்.எஸ்.

"குவார்டெட்டும் ட்ரிப்லெட்டும் இருக்கின்றன, அப்படியானால் எத்தில். தனி மெத்தில் ஒன்று. எத்தில் அசிட்டேட்!" இது சரியாகவும் இருக்கலாம். ஆனால் மெத்தில் புரோப்பனோயேட்டும் இதே வாய்பாடுதான். அதிலும் ஒரு குவார்டெட், ஒரு ட்ரிப்லெட், ஒரு சிங்லெட். ஹைட்ரஜன் எண்ணிக்கையும் அதே 2, 3, 3. வாய்பாடு கொடுக்காமல் விட்டிருந்தால் பியூட்டனோனும் இதே கோலத்தோடு வந்து நிற்கும். வடிவம் மட்டும் இந்த மூன்றையும் பிரிக்காது, இடம்தான் பிரிக்கும். எத்தில் அசிட்டேட்டில் CH2 ஆக்சிஜனை ஒட்டி இருப்பதால் குவார்டெட் 4.12 பிபிஎம்மில் வரும், சிங்லெட் 2.05-இல் வரும். மெத்தில் புரோப்பனோயேட்டில் ஆக்சிஜனை ஒட்டியிருப்பது CH3. அதனால் சிங்லெட் 3.67-க்குப் போய்விடும், குவார்டெட் 2.3 அருகே இறங்கிவிடும். பியூட்டனோனில் ஆக்சிஜனை நேரடியாக ஒட்டிய கார்பன் கார்பனைல் மட்டும்தான். எனவே குவார்டெட்டும் சிங்லெட்டும் இரண்டுமே 2-க்கும் 2.5-க்கும் நடுவே அடங்கிவிடும்.

இடத்தை அளக்கும்போதுதான் புகைப்படம் தன் வேலையைக் காட்டுகிறது. கைபேசியைச் சற்றே சாய்த்துப் பிடித்தால் தாளின் ஒரு பக்கம் பெரிதாகிவிடும். நம் படத்தில் 0-க்கும் 1-க்கும் இடையே 34 மி.மீ. இருக்கிறது, அங்கிருந்து இடப்பக்கம் போகப்போக ஒவ்வொரு பிபிஎம்முக்கும் 1 மி.மீ. கூடிக்கொண்டே போய், 7-க்கும் 8-க்கும் இடையே 41 மி.மீ. ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடக்கோடிச் சின்னக் கோடு டி.எம்.எஸ்.-இலிருந்து சுமார் 270 மி.மீ. தள்ளி இருக்கிறது. வலப்பக்க அளவான 34-ஆல் வகுத்தால் 7.9 பிபிஎம் கிடைக்கும். "பென்சீன் வளைய ஹைட்ரஜன்" என்று எழுதிவிடத் தோன்றும். அதே கோட்டைப் பக்கத்துக் குறியான 7-இலிருந்து அளந்தால் 10.7 மி.மீ.; 41-ஆல் வகுத்துச் சேர்த்தால் 7.26. அது சேர்மத்துக்கே உரியதல்ல, CDCl3-இல் எஞ்சியிருக்கும் குளோரோஃபார்ம். ஒரு பீக்கை அதற்கு இரண்டு பக்கமும் உள்ள குறிகளை வைத்தே அளக்க வேண்டும், தொலைவிலிருந்து அளவை இழுத்துக்கொண்டு வரக் கூடாது. குவார்டெட்டின் மையம் 4-ஆம் குறியிலிருந்து 4.6 மி.மீ. இடப்புறம் இருக்கிறது, அங்கே ஒரு பிபிஎம்முக்கு 38 மி.மீ. ஆகவே 4.12.

வாய்பாட்டை முதலில் பார்த்திருந்தாலே பென்சீன் வளையம் பற்றிய சந்தேகம் எழுந்திராது. நான்கு கார்பனுக்கு உச்சபட்சம் 10 ஹைட்ரஜன், இங்கே 8. எனவே ஒரே ஓர் இரட்டைப் பிணைப்பு அல்லது ஒரே ஒரு வளையம். பென்சீன் வளையத்துக்கு மூன்று இரட்டைப் பிணைப்பும் ஒரு வளையமுமாக நான்கு வேண்டும்.

அடுத்தது பிளவு. இதில் நல்ல மாணவர்களும் ஏமாறுகிறார்கள். எத்தில் தொகுதியில் கோடுகளுக்கு இடையே உள்ள தூரம் சுமார் 7.1 ஹெர்ட்ஸ். 300 மெகாஹெர்ட்ஸ் கருவியில் அது 0.024 பிபிஎம் மட்டுமே, நம் படத்தில் 1 மி.மீ.கூட இல்லை. குவார்டெட்டின் நான்கு கோடுகள் 1:3:3:1 என்ற உயரத்தில் நிற்கும். படம் கொஞ்சம் மங்கினால் ஓரத்து இரண்டும் அடிக்கோட்டில் கரைந்துபோய், நடு இரண்டு மட்டும் டப்லெட் போலத் தெரியும். இதே சேர்மத்தைப் பழைய 60 மெகாஹெர்ட்ஸ் தாளில் பார்த்தால் கோடுகள் 4.5 மி.மீ. இடைவெளியில் தெளிவாக நிற்கும். அதனால் கருவியின் அதிர்வெண் எழுதியுள்ள மூலையும் படத்தில் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். பிளவைச் சரிபார்க்க ஒரு நல்ல வழி உண்டு. இரண்டு தொகுதிகள் ஒன்றையொன்று பிளக்கின்றன என்றால் இரண்டிலும் ஹெர்ட்ஸ் இடைவெளி ஒன்றாகவே இருக்கும். டப்லெட் போலத் தெரிவதன் இடைவெளியும் 1.26-இல் இருக்கும் ட்ரிப்லெட்டின் இடைவெளியும் ஒத்துப்போனால், ஓரக் கோடுகள் எங்கே என்று படத்தைப் பெரிதாக்கித் தேடுங்கள். மூன்று கோடுகளாகப் பிளக்கப் பக்கத்தில் இரண்டு ஹைட்ரஜன் வேண்டும். அந்த இரண்டும் தம் பக்கத்து CH3-ஆல் நான்காகப் பிளந்தே ஆக வேண்டும்.

பீக்கின் உயரத்தை ஹைட்ரஜன் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. சிங்லெட்டும் ட்ரிப்லெட்டும் இரண்டுமே 3 ஹைட்ரஜன்தான். ஆனால் சிங்லெட்டின் முழுப் பரப்பும் ஒரே கோட்டில் குவிவதால் அது வானத்தைத் தொடும். பார்க்க வேண்டியது இன்டெக்ரேஷன் கோட்டின் படி உயரத்தை. நம் படத்தில் படிகள் இடமிருந்து வலமாக 14, 21.5, 22 மி.மீ. சிறியதால் வகுத்தால் 1 : 1.54 : 1.57 வரும், உடனே 1:2:2 என்று முழுமையாக்கத் தோன்றும். அப்படிச் செய்யாமல் மொத்தம் 57.5-ஐ வாய்பாட்டின் 8 ஹைட்ரஜனால் வகுங்கள். ஒரு ஹைட்ரஜனுக்கு 7.2 மி.மீ.; படிகள் 1.95, 2.99, 3.06 ஆகின்றன. 2, 3, 3 என்பதில் ஐயமே இல்லை.

ஐ.ஆர். படமும் கூடவே இருந்தால் முதலில் அச்சைப் பாருங்கள். பழைய தாள்கள் பலவற்றில் 2000-த்துக்கு இடப்புறம் அளவு பாதியாகச் சுருக்கப்பட்டிருக்கும். 4000-த்திலிருந்து 2000 வரை 70 மி.மீ. என்றால், 2000-த்திலிருந்து 1000 வரையும் அதே 70 மி.மீ. இதைக் கவனிக்காமல் இடப்பக்க அளவை வலப்பக்கம் நீட்டினால், 1740-இல் இருக்கும் எஸ்டர் கார்பனைல் 1480 என்று வாசிக்கப்படும். கார்பனைலே இல்லாத சேர்மமாகிவிடும்! சரியான அளவில் படித்தால் 1740-இலும் 1240-இலும் இரண்டு ஆழமான பள்ளங்கள். பின்னது அசிட்டேட்டின் C–O. மெத்தில் புரோப்பனோயேட்டில் அது 1170–1200 பகுதிக்கு நகர்ந்துவிடும். பியூட்டனோனின் கார்பனைல் 1715 அருகே வரும்.

3460 பக்கம் ஒரு சின்னப் பள்ளமும் தெரியும். அதை OH என்று எழுதி, எஸ்டரை ஆல்கஹாலாக்கி விடுகிறார்கள். அது கார்பனைல் அதிர்வின் மேற்சுரம், 1740-இன் ஏறத்தாழ இரு மடங்கு. உண்மையான ஆல்கஹால் OH அகலமாகவும் ஆழமாகவும் விழும். கார்பாக்சிலிக் அமிலத்தின் OH 2500 வரை பரந்து C–H பகுதியையே விழுங்கிவிடும். 1500-க்குக் கீழே உள்ள மற்றப் பள்ளங்களுக்கெல்லாம் பெயர் வைக்க முயலாதீர்கள், அந்த நேரத்தை என்.எம்.ஆர். அளவுகளை மறுபடி சரிபார்க்கச் செலவிடலாம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எத்தில் அசிட்டேட் நெடுவரிசைப் பிரிப்பில் தினமும் ஊற்றப்படும் கரைப்பான். வேறொரு சேர்மத்தின் தாளில் 4.12, 2.05, 1.26 என்ற மூன்றும் சேர்ந்து தெரிந்து, அவற்றின் இன்டெக்ரேஷன் தமக்குள் 2:3:3 ஆக ஒத்துப்போய், மற்ற பீக்குகளோடு முழு எண்ணில் பொருந்தாவிட்டால், அது உங்கள் மூலக்கூறின் பகுதி அல்ல. சரியாக உலராத கரைப்பான். மாதிரியை இன்னும் சற்று நேரம் வெற்றிடத்தில் வைத்து மீண்டும் எடுத்தால் மூன்றும் ஒன்றாகவே சுருங்கும்.