ஜார்ஜெட் புடவைக்கு இன்ஸ்கர்ட்: ஒட்டாமல், ஏறாமல், நிழல் தெரியாமல் தைப்பது எப்படி?

போன சித்திரையில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு எலுமிச்சை மஞ்சள் ஜார்ஜெட் கட்டிக்கொண்டு போனேன். தண்டையார்பேட்டை மெட்ரோ படிக்கட்டில் பாதி ஏறுவதற்குள் உள்ளே இருந்த இன்ஸ்கர்ட் முழங்காலுக்கு வந்துவிட்டது. வெளியே வெயிலில் நின்றபோது கால் இரண்டும் நிழலாகத் தெரிவதாக அண்ணி காதில் சொன்னாள். அதன் பிறகு நானே மூன்று முறை தைத்துப் பார்த்து, இப்போது சரியாக வரும் முறையை எழுதுகிறேன். மெஷினில் நேர்த்தையல் போடத் தெரிந்தால் போதும்.

துணி

அன்று நான் போட்டிருந்தது பளபளப்பான பாலியஸ்டர் சாட்டின். வழுக்கும் துணி என்றால் ஒட்டாது என்று நினைத்து வாங்கியது. ஆனால் பாலியஸ்டர் வேர்வையைக் குடிக்காது. நம் பக்கத்துக் கடல் காற்றில் வேர்வை காயவும் காயாது. ஈரம் காலுக்கும் துணிக்கும் நடுவில் தங்கி, துணி தோலோடு படிந்துவிடுகிறது. ஏசி ஹாலுக்குள் போனால் வேறு தொல்லை: காற்று உலர்ந்திருப்பதால் மின்னேற்றம் வந்து, ஜார்ஜெட் இன்ஸ்கர்ட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

இரண்டுக்கும் பருத்திதான் மருந்து. பருத்தியில் எனக்குப் பிடித்தது நெருக்கமாக நெய்த பாப்ளின். காடா முரடு, புடவையைப் பிடித்து இழுக்கும். மல் மெல்லியது, நிழலை மறைக்காது. லைக்ரா ஷேப்வேர் ஏசி ரிசப்ஷனுக்குச் சரி. பஸ் ஏறி இறங்கும் நாளுக்கு நான் அதைத் தொடமாட்டேன்.

எம்.சி. ரோட்டில் வாங்கப் போகும்போது புடவையையும் எடுத்துப் போங்கள். ட்யூப் லைட்டுக்கு அடியில் பார்த்து வாங்காதீர்கள். கடை வாசலுக்கு வந்து, ஒற்றை மடிப்புப் பாப்ளினை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பின்னால் கையை விரித்து வையுங்கள். விரல்களை எண்ண முடிந்தால் அந்தத் துணி வேண்டாம். அடுத்து, அதன்மேல் புடவையின் ஒரே ஒரு மடிப்பைப் போட்டு நிறம் பாருங்கள். கொசுவம் இருக்கும் முன்பக்கத்தில் பல மடிப்பு மறைத்துவிடும். பின்னால் கெண்டைக்கால் பக்கத்தில் அவ்வளவு மடிப்பு கிடையாது. சரியான நிறம் கிடைக்கவில்லை என்றால் ஒரு சாயல் கூடுதலாக எடுங்கள், குறைவாக வேண்டாம்.

ஏறுவதற்குக் காரணம் கீழ்ச்சுற்று

இதைத்தான் நான் ரொம்ப நாள் புரிந்துகொள்ளவில்லை. நாடாவை இறுக்கிக் கட்டினேன், பின் குத்தினேன், எதுவும் நிற்கவில்லை. கொருக்குப்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவிடம் காட்டினேன். "இடுப்பை ஏன் கண்ணு இறுக்குற? கீழ்ச்சுற்றை அளந்து பாரு" என்றார்.

வீட்டுப் படிக்கட்டில் ஒரு காலை மேல்படியில் வைத்து, இரண்டு கணுக்காலையும் சேர்த்து டேப்பைச் சுற்றினேன். 62 அங்குலம். நான் வாங்கியிருந்த ரெடிமேட் நாலு பீஸ் இன்ஸ்கர்ட்டின் கீழ்ச்சுற்று 56தான். கால் கேட்கும் அகலம் கீழே இல்லை. முழங்கால் பக்கத்தில் கால்கள் அவ்வளவு விரிவதில்லை. அதனால் துணி மேலே நகர்ந்து தனக்கு இடம் தேடிக்கொள்கிறது. ஈரம் இருந்தால் ஏறிய துணி திரும்ப இறங்காது.

நீங்களும் இப்படி அளந்து, அதோடு 10 அங்குலம் சேருங்கள். எனக்கு 72 வந்தது. அதற்கு மேல் அள்ளி வைக்க வேண்டாம். ஒரு முறை எட்டு பீஸில் 96 வைத்தேன். மிச்சத் துணி கால்களுக்கு நடுவில் சேர்ந்து, ஜார்ஜெட்டின் மேல் திட்டுத் திட்டாகத் தெரிந்தது.

வெட்டுவது

என் அளவை வைத்தே சொல்கிறேன். நாடா கட்டும் இடத்தில் சுற்று 36, அதற்குக் கீழே அகலமான இடத்தில் 40. மேல்சுற்று 42 வைத்தேன். அதற்கு மேல் வைத்தால் இடுப்பில் சுருக்கம் கூடிப் பருமனாகத் தெரியும். நாடா கட்டும் இடத்திலிருந்து தரைவரை, செருப்புப் போட்டுக்கொண்டு, 39½. அதில் ஒன்றரை அங்குலம் குறைத்து 38 உயரம். இதைவிடக் குட்டையானால், இன்ஸ்கர்ட் முடியும் இடத்துக்குக் கீழே கால் நிழல் தெரியும்.

ஆறு பீஸ் என்பதால் ஒவ்வொன்றும் மேலே 7, கீழே 12. தையலுக்கு இரு பக்கமும் அரை அரை அங்குலம் விட்டால் 8, 13. பட்டி 2 அங்குலம் போக உயரம் 36. மேலே அரை, கீழே மடிக்க ஒன்று சேர்த்து 37½.

36 அங்குல அகலப் பாப்ளினில் ஒரு பீஸை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் வைத்தால், அகலத்துக்குள் மூன்று பீஸ் அடங்கும். ஆறுக்கு இரண்டு உயரம், அதாவது 75 அங்குலம். பட்டிக்கு 5 அங்குல அகலத்தில் இரண்டு துண்டு, இன்னொரு 10. மொத்தம் 85. சுருங்குவதையும் சேர்த்து இரண்டரை மீட்டர் வாங்குங்கள். ஒவ்வொரு பீஸின் நடுக்கோடும் துணிக்கரைக்கு இணையாக நேர்நூலில் இருக்க வேண்டும். வெட்டும் முன் துணியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுவிடுங்கள்.

நான் தவறிய இடம்

ஆறு பீஸையும் இணைத்து, இடது பக்கம் 7 அங்குலம் திறப்பு விட்டு, பட்டி வைத்து, நாடாவும் கோத்தாயிற்று. உடனே கீழே மடித்துத் தைத்துவிடாதீர்கள். முதல் தடவை நான் அப்படித்தான் முடித்தேன். இரண்டு துவைப்புக்குப் பிறகு ஒவ்வொரு தையல் ஓரத்திலும் துணி அரை அங்குலத்துக்கு மேல் தொங்கி, கீழ்விளிம்பு அலை அலையாக நின்றது. புடவைக்குக் கீழே எட்டிப் பார்த்தது.

பீஸின் பக்கங்கள் சாய்வாக வெட்டப்படுவதால் அங்கே நூல் குறுக்காக ஓடுகிறது. குறுக்குத்துணி தன் எடையிலேயே இழுபடும். அதனால் பட்டியைக் கிளிப்பில் மாட்டி ஒரு நாள் முழுக்கத் தொங்கவிடுங்கள். அப்புறம் போட்டுக்கொண்டு நில்லுங்கள், இன்னொருவர் தரையில் ஸ்கேலை நிறுத்திச் சுற்றிலும் ஒரே உயரத்தில் சாக்பீஸ் குறி போடட்டும். அதன்படி மிச்சத்தை வெட்டி, மெல்லிசாக மடித்துத் தையுங்கள். ஃப்ரில் வேண்டாம், ஜார்ஜெட்டில் அது வரம்பு போலத் தெரியும்.

நாடா தட்டையான பருத்தி நாடாதான். பாலியஸ்டர் கயிறு முடிச்சு நழுவும், நாமும் பயந்து இறுக்குவோம், இடுப்பில் தடம் விழும்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்துத் தைத்த இருவர் ஒரே புகாரோடு வந்தார்கள்: மெரூன் இன்ஸ்கர்ட்டின் சாயம் வேர்வையில் இறங்கி, வெளிர் புடவையின் உள்பக்கம் கறையாகிவிட்டது. அடர் நிறம் வாங்கினால், ஊறவைத்து அலசிய பிறகு ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் துணியை அழுத்தித் தேயுங்கள். நிறம் ஏறினால் மறுபடி அலசித் தேய்த்துப் பாருங்கள். நாலைந்து அலசலுக்குப் பிறகும் ஏறுகிறது என்றால், அதை அடர் நிறப் புடவைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.