சைக்கிள் 19தான், ஆனால் பேட்டரியில் கால்பங்குக்கு மேல் காணோம்

போன வருஷம் தீபாவளி முடிந்த கையோடு அக்கா மகன் தன் கேமிங் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். சுங்கை சிப்புட்டில் தோட்டத்தை விட்டு வந்தவர்கள் நிறையப் பேர் குடியிருக்கிற தாமானில் அவர்கள் வீடு. பின்னால் தகரக் கூரை போட்டு இழுத்துக் கட்டிய அறைதான் அவனுடையது. வாங்கி 14 மாதம் ஆகிறது, அன்றிலிருந்து பெரும்பாலும் வயர் சொருகியபடியே மேசையில் இருக்கிறது. "மாமா, பேட்டரியை நான் பயன்படுத்தவே இல்லையே, அது எப்படித் தேயும்?" என்றான்.

விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து இதை அடிக்கச் சொன்னேன்:

```
powercfg /batteryreport
```

battery-report.html என்று ஒரு கோப்பு உருவாகும், எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று அதுவே சொல்லும். அதில் மூன்று வரி பார்த்தால் போதும். அவனுடையதில் DESIGN CAPACITY 90,000 mWh, FULL CHARGE CAPACITY 63,900 mWh, CYCLE COUNT 19. அதாவது முழுசாக இறக்கி ஏற்றியது மொத்தமே 19 முறைக்குச் சமம், ஆனால் கொள்ளளவில் 29 சதவீதம் போய்விட்டது. மூன்றாவது எண்ணை மட்டும் பார்த்திருந்தால் புது பேட்டரி என்றுதான் நினைத்திருப்போம்.

முதல் தவறான எண்ணம் இங்கேதான் இருக்கிறது. வயர் சொருகியே இருந்தால் "ஓவர் சார்ஜ்" ஆகும் என்று நம் ஊரில் பலரும் சொல்வார்கள். ஆகாது. நூறு வந்ததும் உள்ளே இருக்கிற சர்க்யூட் மின்சாரத்தை நிறுத்திவிடும். கெடுதல் நூறிலேயே நிற்பதில் இருக்கிறது. முழு சார்ஜில் ஒரு லித்தியம் செல் சுமார் 4.2 வோல்ட்டில் நிற்கும், அந்த மின்னழுத்தத்தில் உள்ளிருக்கும் திரவம் தகடுகளோடு மெல்ல வினைபுரிந்துகொண்டே இருக்கும், சார்ஜைச் சுமக்க வேண்டிய லித்தியம் கொஞ்சம் கொஞ்சமாக அதில் மாட்டிக்கொண்டு திரும்பி வராமல் போகும். பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் இது நடக்கும். சூடு கூடினால் வேகமாக நடக்கும்.

பேட்டரி ஆட்கள் அடிக்கடி காட்டுகிற ஒரு கணக்கு உண்டு. சும்மா வைத்திருக்கிற லித்தியம் பேட்டரி 25 டிகிரியில், 40 சதவீத சார்ஜில் ஒரு வருஷத்துக்குச் சுமார் 4 சதவீதம் இழக்கும், அதே 25 டிகிரியில் முழு சார்ஜில் வைத்தால் சுமார் 20, முழு சார்ஜோடு 40 டிகிரி சூடும் சேர்ந்தால் சுமார் 35. செல்லுக்குச் செல் எண்கள் மாறும், ஆனால் போக்கு இதுதான். இரண்டும் சேரும்போதுதான் அடி பலமாக விழுகிறது, அவன் அறையில் இரண்டுமே இருந்தது.

கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றிச் சூடு பார்க்கும் கருவி வீட்டில் சும்மா கிடந்தது. அதைப் பொருள்களின் சூடு பார்க்கும் முறைக்கு மாற்றி, லேப்டாப்பைக் கவிழ்த்து, பேட்டரி இருக்கிற பக்கத்தில் காட்டினேன். பேட்டரி பொதுவாகக் கை வைக்கிற இடத்துக்குக் கீழேதான் இருக்கும். மதியம் அறையே 33 டிகிரி. ஒரு மணி நேரம் விளையாடிய பிறகு அந்த அடிப்பாகம் 44 காட்டியது. உள்ளே செல் அதைவிடச் சூடாகத்தான் இருந்திருக்கும். கிராஃபிக்ஸ் சிப் 80 டிகிரியில் ஓடினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது, அது அப்படித் தாங்கும்படி செய்தது. பக்கத்தில் படுத்திருக்கிற பேட்டரி அப்படி இல்லை.

சரி, சார்ஜ் நூறு வரை ஏறாமல் முன்பே நிற்கும்படி வரம்பு போட்டான். ASUS என்றால் MyASUS, Lenovo என்றால் Vantage, Dell என்றால் பயாஸ், இப்படி ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு இடத்தில் வைத்திருக்கும், பெயரும் மாறும். 80ஆ 60ஆ என்று கேட்டான். தினமும் வெளியே எடுத்துப் போகிறவனுக்கு 80 போதும். மேசையை விட்டு நகராத லேப்டாப்புக்கு 60 கிடைத்தால் 60தான், கரண்ட் போனால் கோப்பைச் சேமித்து அணைக்க அது தாராளம். நமக்குத்தான் சாயங்கால மழையும் இடியும் வழக்கம், இடி நேரத்தில் வயரைக் கழற்றச் சொல்கிற அம்மா சொல்வது சரிதான், அந்த அரை மணி நேரத்துக்கும் 60 போதும்.

ஆனால் வரம்பு போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் அடுத்த தவறு. அவன் செய்த இன்னொன்று: எப்போதாவது பள்ளிக்கு எடுத்துப்போகிற நாளில் பேட்டரியை 20க்கு இறக்கிவிட்டு வந்து, வயரைச் சொருகிய அடுத்த நிமிஷமே கேமைத் திறப்பான். சார்ஜ் ஏறும்போது பேட்டரி தானே சூடாகும், பக்கத்தில் சிப்பின் சூடு, மேலே தகரக் கூரை. வரம்பு வரை முதலில் ஏறட்டும், அப்புறம் விளையாடு என்றேன். வரம்பில் நிற்கிற பேட்டரிக்குள் பெரும்பாலும் மின்சாரம் ஓடாது, அப்போது அதற்கு வெளிச்சூடு மட்டும்தான். பின்பக்கத்தை இரண்டு விரல் உயரம் தூக்கி வைத்தோம், கேமின் ஃப்ரேம் வேகத்தை நொடிக்கு 60க்குக் கட்டினோம். அடிப்பாகம் 44இலிருந்து 39க்கு வந்தது. மெத்தை மேல் வைத்து விளையாடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அப்புறம் இந்த "வாரம் ஒருமுறை பூஜ்யம் வரை இறக்கணும்" வைத்தியம். அது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்குச் சொன்னது. லித்தியத்தை அப்படி வாட்டினால் தேய்மானம்தான் கூடும். மாதக்கணக்கில் 60இலேயே நின்றால் சதவீதக் கணக்கு கொஞ்சம் பிசகலாம், 30 காட்டும்போதே பொட்டென்று அணைந்தால் அதுதான் அடையாளம். அப்போது ஒரே ஒரு தடவை நூறு வரை ஏற்றி, 10 வரை இறக்கி, மறுபடி ஏற்றி, வரம்பைத் திரும்பப் போட்டால் போதும். பேட்டரியையே கழற்றிவிட்டு ஓட்டலாமா என்றும் கேட்டான். கேமிங் லேப்டாப் பலதும் அடாப்டர் போதாத நொடிகளில் பேட்டரியிலிருந்து இழுத்துக்கொள்ளும், அது இல்லையென்றால் வேகத்தை வெட்டிவிடும்.

விண்டோஸைப் புதிதாகப் போட்டாலோ பயாஸ் அப்டேட் செய்தாலோ சில லேப்டாப்பில் வரம்பு சத்தமில்லாமல் நூறுக்குத் திரும்பிவிடும். மூலையில் இருக்கிற எண் 60ஐத் தாண்டுகிறதா என்று எப்போதாவது பார்க்கத்தான் வேண்டும்.

டச்பேட் ஒரு பக்கம் அழுத்த வராமல் கெட்டியாகிவிட்டால், அல்லது சமமான மேசையில் வைத்ததும் லேப்டாப் ஆடினால், இந்தக் கதையெல்லாம் அதற்கு இல்லை. உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. அணைத்து, வயரைக் கழற்றி, குத்தாமல் நெம்பாமல் கடைக்குக் கொண்டுபோய் மாற்றுங்கள். பழையதைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், குப்பை லாரி நசுக்கும்போது தீப்பிடிக்கலாம். மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

அவனுடையது உப்பவில்லை. போன 29 சதவீதம் திரும்பியும் வரவில்லை, வராது. ஆறு மாதம் கழித்து, வரம்பை ஒருமுறை எடுத்து நூறு வரை ஏற்றிவிட்டு அதே கட்டளையை அடித்தோம்: 62,800. முன்னே 14 மாதத்தில் 26,100 போன பேட்டரியில் இந்த ஆறு மாதத்தில் போனது 1,100. புது பேட்டரிக்கு என்று எடுத்து வைத்திருந்த 350 ரிங்கிட்டில் அவன் ஹெட்போன் வாங்கிவிட்டான், அக்கா இன்னும் என்னைத்தான் திட்டுகிறார்.