லா செமஸ்டருக்கு முந்தைய ஏழு நாள்: தூக்கத்தைச் சரிசெய்வது எப்படி?

தேர்வு வாரத்தில் தூக்கம் கெடுகிறது என்று சொல்கிற சட்ட மாணவர்களிடம் விசாரித்தால், பெரும்பாலும் ஒரே கதைதான் வரும். இரவு ஒரு மணி வரை பேர் ஆக்ட்டோடு கட்டிலில் கிடப்பது, விளக்கை அணைத்ததும் பிரிவு எண்கள் தலைக்குள் ஓடத் தொடங்குவது, காலை எட்டரைக்கு அடித்துப் பிடித்து எழுவது. "இன்றைக்குச் சீக்கிரம் படுத்துவிட வேண்டும்" என்று ஒன்பதரைக்கே படுத்துப் பார்ப்பார்கள். தூக்கம் வராது. இரண்டு மணி நேரம் புரண்டதும் பயம் இன்னும் கூடிவிடும்.

படுக்கும் நேரத்தைப் பிடித்து இழுத்தால் தூக்கம் வராது. எழும் நேரத்தைப் பிடித்தால் வரும். இந்தப் பதிவு முழுக்க அதை வைத்துத்தான் போகிறது.

முதலில் எழும் நேரத்தைக் கணக்கிடுங்கள்

ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். தக்கலையில் வீடு, நெல்லையில் கல்லூரி. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் குற்றவியல் சட்டத் தாள். மாணவி காலை ஆறு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி, வடசேரி பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறிப் போனால் ஒன்பது மணிவாக்கில் நெல்லை போய்ச் சேரலாம். அதற்கு ஐந்து மணிக்கு எழ வேண்டும். இப்போது அவர் படுப்பது ஒரு மணிக்கு, எழுவது எட்டு மணிக்கு.

மூன்று மணி நேரத்தை ஒரே நாளில் முன்னுக்குத் தள்ள முடியாது. உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் மெல்லத்தான் நகரும். அதனால் நாளுக்கு அரை மணி நேரம் மட்டும். செவ்வாய் ஏழரை, புதன் ஏழு, வியாழன் ஆறரை, வெள்ளி ஆறு, சனி ஐந்தரை, ஞாயிறு ஐந்து. திங்கள் தேர்வன்றும் அதே ஐந்து மணி. தேர்வு நாளின் விடியல் உடம்புக்குப் புதிதாக இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் ஞாயிறு ஒரு ஒத்திகை.

படுக்கும் நேரத்தை அவர் கட்டாயப்படுத்துவதில்லை. கண் சொக்கும்போது படுக்கிறார், அவ்வளவுதான். செவ்வாய் இரவு பன்னிரண்டரை ஆகலாம். ஆனால் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் தூக்கத்துக்கான அழுத்தம் உடம்பில் ஏறிக்கொண்டே போகும். காலையில் சீக்கிரம் எழுந்தவருக்கு அது இரவில் சீக்கிரம் நிறைந்துவிடும். வியாழன் பதினொன்றரை, சனி பத்தரை என்று தானாகவே முன்னுக்கு வரும். நடுவில் ஒன்றிரண்டு நாள் அசதியாகத்தான் இருக்கும். அந்த நாட்களில் மதியம் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டால் ஏறிய அழுத்தம் வடிந்துவிடும். இரவு பழையபடி ஒரு மணிதான். தாங்கவே முடியாவிட்டால் மூன்று மணிக்கு முன், அலாரம் வைத்து இருபது நிமிடம் கண்ணயரலாம்.

எழுந்ததும் வெளிச்சம் வேண்டும். அந்தக் கடிகாரத்தைத் திருப்புவதே காலை வெளிச்சம்தான். பால் வாங்கப் போகிற வேலையை இந்த வாரம் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது மொட்டை மாடியில் கால் மணி நேரம் நடங்கள். மழை மூட்டமாக இருந்தாலும் வெளியே இருக்கும் வெளிச்சம் வீட்டு டியூப்லைட்டைவிடப் பல மடங்கு அதிகம். சனி, ஞாயிறு எழும்போது இருட்டாக இருக்கும். எல்லா விளக்கையும் போட்டுவிட்டுப் படிக்க உட்காருங்கள், விடிந்ததும் வெளியே வாருங்கள்.

சாயா கடைசியாக எத்தனை மணிக்கு?

நம் பக்கத்தில் மாலை கட்டன் சாயா இல்லாமல் படிப்பு ஓடாது. ஆனால் காஃபின் உடம்பில் பாதியாகக் குறையவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்குக் குடித்ததில் பாதி இரவு பதினொன்றுக்கும் இரத்தத்தில் இருக்கும். சிலருக்கு இன்னும் அதிக நேரம் எடுக்கும். "நான் சாயா குடித்தாலும் தூங்குவேன்" என்பவர்களுக்கும் தூக்கத்தின் ஆழம் குறைகிறது, அது அவர்களுக்குத் தெரிவதில்லை.

இந்த வாரம் கடைசிச் சாயா மதியம் இரண்டு மணி. தினம் ஐந்தாறு குடிப்பவர்கள் ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும். மாலைச் சாயாவை மட்டும் முதலில் விடுங்கள். கருப்பட்டிக் காப்பியிலும் காப்பித்தூள் இருந்தால் அதே கணக்குதான். தூள் போடாமல் சுக்கும் கருப்பட்டியும் மட்டும் தட்டிப்போட்டுக் காய்ச்சியது என்றால் இரவிலும் தாராளமாகக் குடிக்கலாம்.

இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குள் முடியட்டும். மரச்சீனியும் மீன்கறியும் வயிறு முட்ட மதியம் சாப்பிடுங்கள். இரவுக்குக் கஞ்சியும் பயறும் போதும்.

கவலைக்கு மாலையில் ஒரு நேரம்

எனக்கு முக்கியமாகப் படுவது இந்தப் படிதான். சட்டத் தாளுக்கான கவலை பொதுவான பயமாக வருவதில்லை, எண்ணாகவும் வழக்குப் பெயராகவும் வருகிறது. அதனால் அதைக் காகிதத்தில் பிடித்துவிட முடியும்.

விளக்கு வைத்த பிறகு, ஏழு மணிக்கு என்று வைத்துக்கொள்வோம், இருபது நிமிடம் ஒதுக்குங்கள். படுக்கையில் வேண்டாம், மேசையிலோ வராந்தாவிலோ உட்காருங்கள். நோட்டில் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம், தலைக்குள் ஓடுவதை அப்படியே எழுத வேண்டும். வலப்பக்கம், அதற்கு நாளை எத்தனை மணிக்கு என்ன செய்யப் போகிறேன் என்பதை எழுத வேண்டும்.

தக்கலை மாணவியின் நோட்டில் வெள்ளிக்கிழமை இடப்பக்கம் இருப்பது: "பழைய ஐபிசி எண்ணும் புதிய எண்ணும் குழம்புகிறது." 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டது, ஆனால் பழைய வழக்குத் தீர்ப்புகள் எல்லாம் ஐபிசி எண்ணோடுதான் இருக்கின்றன. குழப்பம் நியாயமானதுதான். "பிஎன்எஸ்ஸை நன்றாகப் படிக்க வேண்டும்" என்று வலப்பக்கம் எழுதினால் ஒரு பயனும் இல்லை, அது இன்னொரு கவலைதான். அவர் எழுதுவது: "நாளைக் காலை 9 மணி, அரை மணி நேரம், அட்டையில் ஏழு ஜோடி." அடுத்த நாள் அந்த அட்டை இப்படி இருக்கும்:

குற்றமுறு மரணம் விளைவித்தல்: 299 → 100
கொலை, வரையறை: 300 → 101
கொலைக்குத் தண்டனை: 302 → 103
கவனக்குறைவால் மரணம்: 304ஏ → 106
திருட்டு: 378, 379 → 303
ஏமாற்றிச் சொத்தைப் பெறுதல்: 420 → 318(4)
கணவர் வீட்டார் கொடுமை: 498ஏ → 85

இரவில் "302ஆ, 103ஆ" என்று மனம் கேட்கத் தொடங்கினால், அட்டையில் இருக்கிறது என்று அதற்குப் பதில் சொல்ல முடியும். பதில் உள்ள கேள்வியை மனம் விட்டுவிடும்.

சிலவற்றுக்கு வலப்பக்கம் எழுத எதுவும் இருக்காது. "போன செமஸ்டர் அரியர் ரிசல்ட் என்னவாகும்?" என்பது அந்த வகை. அதற்கு நேராக "கடைசித் தாள் முடிந்த மறுநாள் பார்க்க வேண்டும்" என்று தேதியோடு எழுதி வைத்துவிடுங்கள்.

படுப்பதற்கு முன் இன்னும் ஐந்து நிமிடம், நாளைய வேலைகளை மட்டும் எழுதுங்கள். 2018இல் அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். இனிச் செய்ய வேண்டியதை எழுதியவர்கள், செய்து முடித்ததை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம். அது சின்ன ஆய்வுதான், ஆனால் செலவு ஒரு தாளும் பேனாவும்தானே.

கட்டிலில் புத்தகம் வேண்டாம்

கட்டிலில் கிடந்து படித்தால், கட்டில் என்றாலே விழிப்பு என்று உடம்பு பழகிவிடும். இடம் இல்லாத வீடு என்றால் தரையில் பாய் விரித்துப் படியுங்கள். தூங்கும்போது கட்டிலுக்குப் போங்கள். அல்லது மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே இடமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

படுத்து இருபது நிமிடம் ஆனதுபோல் தோன்றியும் தூக்கம் வரவில்லையா? மணி பார்க்காமல் எழுந்துவிடுங்கள். "மக்ளே, இன்னும் படுக்கலியா" என்று அம்மா கேட்பார்கள், முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள். மங்கலான வெளிச்சத்தில் துணி மடிப்பது போன்ற சப்பென்ற வேலையைச் செய்யுங்கள். பேர் ஆக்ட்டைத் தொடக் கூடாது, போனையும் கூடாது. நான்கு விநாடி மூச்சை இழுத்து, ஆறு விநாடி மெல்ல விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிடம். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு இறங்கும். கண் கனத்ததும் திரும்பப் போய்ப் படுங்கள். இரண்டு முறை எழ வேண்டியிருந்தாலும் காலை அலாரத்தை மாற்றாதீர்கள். இந்த முறை தோற்பது பெரும்பாலும் அந்த ஒரு இடத்தில்தான்.

இரவு பதினொன்றுக்கு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் யாராவது "இம்பார்ட்டன்ட் கொஸ்டின்ஸ்" போடுவார்கள். அதில் நீங்கள் படிக்காதது ஒன்று நிச்சயம் இருக்கும். ஒன்பது மணிக்குக் குழுவை மியூட் செய்து, போனை வேறு அறையில் வையுங்கள். அலாரத்துக்குத் தனிக் கடிகாரம் போதும். பக்கத்தில் கோயில் கொடையோ சர்ச் திருவிழாவோ நடந்தால் காதில் நுரை அடைப்பான் வைத்து, ஃபேனைக் கூட்டி வையுங்கள். ஒலிபெருக்கி முழுவதும் மறையாது, ஆனால் சீரான இரைச்சலில் அது அமுங்கும்.

ஞாயிறு இரவு

எல்லாம் செய்தும் தேர்வுக்கு முந்தைய இரவு சரியாகத் தூங்காமல் போகலாம். அது பலருக்கும் நடப்பதுதான். முந்தைய ஐந்தாறு இரவு நன்றாகத் தூங்கியிருந்தால், ஒரு இரவு குறைந்ததால் படித்தது அழிந்துபோகாது. கண் மூடிப் படுத்திருந்தாலே போதும் என்று விட்டுவிடுங்கள். தூங்கியே ஆக வேண்டும் என்ற முனைப்புதான் விழிக்க வைக்கிறது.

மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரையோ, சளி மாத்திரையோ, இருமல் மருந்தோ வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். இவற்றில் பலவற்றில் இருக்கும் பழைய வகை அலர்ஜி மருந்தின் மப்பு மறுநாள் காலையிலும் இருக்கும், மூன்று மணி நேரத் தாளில் அது தெரியும். காலையில் ஐந்தரைக்கு ஒரு சாயா, ஒன்பது மணிக்கு இன்னொன்று. வடசேரியிலிருந்து போகும் பஸ்ஸில் புத்தகத்தை மூடிவிட்டுக் கண்ணை மூடுங்கள்.

படபடப்பு தேர்வையும் தாண்டி நீடித்தாலோ, பல வாரமாகத் தூக்கம் இல்லை என்றாலோ இந்தப் படிகள் போதாது. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் காத்திருக்காமல் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

தாள்களுக்கு இடையிலான நாட்கள்

முதல் தாள் முடிந்து திரும்பும் பஸ்ஸில் விடைகளை ஒப்பிட்டுப் பேசும் பேச்சு எழும். அதற்குள் போகாதீர்கள், அதில் கிளம்பும் சந்தேகம் அன்றிரவு கட்டில் வரை வரும். வீடு வந்து சேர மாலை ஆகிவிடும் என்பதால், குட்டித் தூக்கம் வேண்டுமென்றால் பஸ்ஸிலேயே முடித்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஐந்து மணிக்குப் படுத்தால் அன்றிரவு போச்சு. மறுநாள் விடுமுறை என்றாலும் ஆறு மணியைத் தாண்டித் தூங்க வேண்டாம். ஒரு மணி நேரம் தளர்த்தலாம், மூன்று மணி நேரம் தளர்த்தினால் வாரம் முழுக்க நகர்த்தியது வீண். அன்று மாலை ஏழு மணிக்கு நோட்டில் புதுப் பக்கம், நடுவில் கோடு, அடுத்த தாளின் பெயர்.